உதட்டோரக் குறுகுறுப்பு

எனது மேலுதட்டின் வலது ஓரத்தில், உதட்டின் சிவப்பும் முகத்தின் தோலும் சந்திக்கும் கோட்டில், கடுகளவு இடம் ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் அங்கே எதுவும் தெரியாது. ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை அந்த இடம் மெல்லக் குறுகுறுக்கத் தொடங்கும். எறும்பு ஊர்வது போல இருக்கும். சற்று நேரத்தில் மிளகாய் பட்ட விரலால் தொட்டது போல எரியும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. மறுநாள் அதே இடம் சிவந்து தடித்து, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "ராவைக்கு எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெஞ்சிருக்கும்" என்பது உம்மும்மாவின் முடிவு. உடம்புச் சூடு என்பார் உம்மா. வகுப்புத் தோழிகளோ வாய்ப்புண் என்றார்கள். நான் தரம் 10 இல் படிக்கும்போது, கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வழமையாகச் செல்லும் வைத்தியரிடம் வாப்பா என்னை அழைத்துச் சென்றார். வைத்தியர் இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யச் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் மட்டுமே கேட்டார். கொப்புளம் வருவதற்கு முன் குறுகுறுக்கிறதா? ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அதே இடத்திலா வருகிறது? ஒன்றாக வருகிறதா, கூட்டமாக வருகிறதா? என் பதில்களைக் கேட்டுவிட்டு, "இது ஹேர்பீஸ் சிம்பிளக்ஸ் என்ற வைரசு. வகை 1. உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் இருக்கிறது" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வாப்பாவின் முகம் மாறியது. அதை வைத்தியரும் கவனித்தார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று அவர் விளக்கினார். பெரும்பாலானோருக்கு இது சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. உறவினர் ஒருவர் பாசத்தோடு கொடுத்த முத்தம் போதும். எச்சில் பட்ட கோப்பையாலும் தொற்றலாம். முதல் தடவை சிலருக்குக் காய்ச்சலும் வாய் நிறையப் புண்ணும் வரும். பலருக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும்.

அதன் பின் வைரசு உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சியைத் தரும் நரம்பு வழியே பின்னோக்கிச் சென்று, காதுக்கு முன்பக்கமாக மண்டையோட்டின் உள்ளே அந்த நரம்பின் கலங்கள் திரண்டிருக்கும் முடிச்சில் தங்கிவிடுகிறது. அங்கே அது பெருகாமல் உறங்குகிறது. காய்ச்சல், கடும் வெயில், நித்திரையின்மை, மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் போன்ற ஏதாவதொன்று அதனைத் தட்டியெழுப்பினால், வந்த நரம்பு வழியாகவே மீண்டும் தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் ஏறத்தாழ அதே இடத்தில் வருகிறது. கொப்புளத்துக்கு முன் வரும் குறுகுறுப்பு, அந்த நரம்பின் நுனியில் வைரசு வந்து பெருகத் தொடங்கியதன் அறிகுறியே.

வாய்ப்புண்ணையும் இதையும் பிரித்தறிவது கடினமல்ல. வாய்ப்புண் கன்னத்தின் உட்புறத்திலோ உதட்டின் உட்பக்கத்திலோ நாக்கின் கீழோ வெள்ளைக் குழியாக வரும். அதில் நீர்க் கொப்புளம் இருக்காது; அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. வாயின் இரு கோடிகளிலும் தோல் வெடித்து எரிவது இன்னொன்று. உதட்டின் வெளி ஓரத்தில், முன்னறிவிப்போடு, கூட்டமாக வந்து, உடைந்து, பொருக்குக் கட்டுவதே நான் சொல்லும் கொப்புளம். இது தொற்றும்.

தொற்றும் என்ற அந்தச் சொல்லின் கனம், சென்ற வருடம் ராத்தா பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது நாள். புதிதாகச் சாச்சியான நான் பாடசாலை விட்டு வந்தால் அவனை மடியை விட்டு இறக்குவதில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை, இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு வீடு திரும்பியபோது, வலது உதட்டோரம் குறுகுறுத்தது.

வைத்தியர் முன்பு சொன்னது நினைவிருந்தது. பெரியவர்களுக்குப் பத்து நாளில் ஆறிவிடும் இந்தப் புண், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தொற்றினால் தோலோடு நிற்காமல் ஈரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். அவ்வாறு நடப்பது அரிது. நடந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வயதில் குழந்தையின் நிர்ப்பீடனம் இன்னும் முதிரவில்லை. எனவே கண்ணாடியில் எதுவும் தெரியாத அந்த மாலையிலேயே உம்மாவிடமும் ராத்தாவிடமும் விடயத்தைச் சொன்னேன். பிள்ளையை முகத்தருகே தூக்குவதில்லை, முத்தமிடுவதில்லை என்று முடிவெடுத்தோம். அவன் இருக்கும் அறைக்குப் போனால் முகக்கவசம் அணிந்தேன். உதட்டைத் தொட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கை கழுவினேன். எனது துவாயையும் கோப்பையையும் தனியாக வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே அசிக்ளோவிர் கிறீமைப் பூசத் தொடங்கினேன். நூற்றுக்கு ஐந்து வீத வலிமையுள்ள அந்தச் சிறிய ரியூபை, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக, நாளைக்கு ஐந்து தடவை, ஐந்து நாட்களுக்குப் பூச வேண்டும். தேய்க்கக் கூடாது, மெல்ல ஒற்ற வேண்டும். வெள்ளி காலை அவ்விடம் சிவந்து தடித்தது. வெள்ளி இரவு நான்கைந்து கொப்புளங்கள். ஞாயிறன்று அவை உடைந்து நீர் கசிந்தன. அதிகமாகத் தொற்றும் நேரம் அதுதான், ஏனெனில் அந்த நீரில் வைரசு நிறைந்திருக்கும். செவ்வாயன்று தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. சிரிக்கும்போது அது வெடிக்காமலிருக்க வஸ்லின் பூசினேன். அடுத்த சனிக்கிழமை பொருக்கு தானாக உதிர்ந்தது. மொத்தம் ஒன்பது நாட்கள்.

இடையில் வந்த சனிக்கிழமை அக்குறணையில் உறவினர் ஒருவரின் கலியாணம். சஹனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தபோது, எனக்கு மட்டும் தனிப் பீங்கானில் சோறு தரும்படி உம்மா கேட்டார். "சொந்தக்காரங்களோட ஒண்டா திண்ண ஏலாத அளவுக்கு என்ன நோய்?" என்று மாமி ஒருவர் சத்தமாகவே கேட்டார். உம்மா என் உதட்டைக் காட்டி, "வீட்டுல பச்சைப் பிள்ளை ஈக்குது மாமி, மத்த வீடுகள்லயும் ஈக்கும்" என்றார். ஒரே தட்டில் கைவிரல் வாய்க்கும் சோற்றுக்குமாகப் போய்வரும்போது எச்சில் கலப்பதைத் தவிர்க்க முடியாது. மாமி சற்று யோசித்துவிட்டு, தன் பேரப்பிள்ளையை என் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். எனக்கு அது வலித்தது. ஆனால் அவர் செய்தது சரி.

இங்கே கிறீமைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். குறுகுறுக்கும்போதே தொடங்கினால் அது அரை நாளோ ஒரு நாளோ குறைத்துத் தரும், அவ்வளவுதான். கொப்புளம் உடைந்த பிறகு பூசினால் அந்தப் பயனும் கிடைப்பதில்லை. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரசை எந்த மருந்தும் வெளியேற்றுவதில்லை. அடிக்கடியும் கடுமையாகவும் வருவோருக்கு வைத்தியர் மாத்திரை தருவார். அது கிறீமை விட நன்றாக வேலை செய்யும், அதையும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். பற்பசை, தேசிக்காய், உப்பு ஆகியவை புண்ணை எரித்து ஆறுவதைத் தாமதமாக்கும். சில வீடுகளில் எல்லாத் தோல் வருத்தத்துக்கும் பூசும் ஸ்டீரொயிட் கிறீம் இதற்கு ஆகவே ஆகாது. அது தோலின் எதிர்ப்பை அடக்கி வைரசு பெருக இடம் கொடுக்கும்.

அசிக்ளோவிருக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பதை உயர்தர உயிரியல் படிக்கையில் அறிந்துகொண்டேன். அமெரிக்காவின் கெர்ட்ரூட் எலியன் 1937 இல் இரசாயனத்தில் பட்டம் பெற்றபோது, பெண் என்பதால் ஆய்வுகூடங்கள் அவரை ஏற்கத் தயங்கின. கலாநிதிப் பட்டம் பெறாமலேயே மருந்தாய்வில் உயர்ந்து, 1988 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவரது குழுவினர் உருவாக்கிய இந்த மருந்து, டீஎன்ஏயைக் கட்டும் துண்டுகளில் ஒன்றைப் போன்று தோற்றமளிக்கும். வைரசு தன் சொந்த நொதியத்தால் அதனை இயங்க வைத்து, தான் பெருகக் கட்டும் டீஎன்ஏ சங்கிலியில் சேர்த்துக்கொள்ளும். அத்தோடு சங்கிலி நின்றுவிடும். தொற்றில்லாத கலத்தில் அந்த நொதியம் இல்லாததால் மருந்து அங்கே பெரும்பாலும் சும்மா கிடக்கும். இதனால்தான் வைரசு பெருகும் முதல் மணித்தியாலங்களிலேயே பூச வேண்டும் என்கிறார்கள்.

சில வேளைகளில் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும், ஏனெனில் இதே வைரசு கருவிழியைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும், எக்ஸிமா உள்ளவர்களுக்குப் பரவும் கொப்புளத்தையும் காட்ட வேண்டும். பிறந்து சில வாரமான பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோ, சோர்வோ, தோலில் நீர்க் கொப்புளமோ கண்டாலோ, ஒரு நாளும் காத்திராமல் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும்.

ராத்தாவின் மகனுக்கு எதுவும் ஆகவில்லை. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடிய பின்னர்தான் அவனை மீண்டும் முகத்தோடு அணைத்தேன்.

அதன் பின் ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்திய மூன்று நாட்களை நாட்காட்டியில் குறித்து வந்தேன். நான்கில் மூன்று தடவை முன்தினம் மைதானத்தில் இருந்திருக்கிறேன். கண்டியின் காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் உதட்டைத் தாக்கும் புற ஊதாக் கதிருக்குக் குளிர்காற்று தடையில்லை. இப்போது மைதானத்துக்குச் செல்லுமுன் வெயில் தடுப்பு 30 உள்ள உதட்டுக் களிம்பைப் பூசிக்கொள்கிறேன், யாருடனும் பகிராமல். இந்த வருட விளையாட்டுப் போட்டி முடிந்து இரண்டு வாரமாகிறது. வலது உதட்டோரம் இன்னும் அமைதியாகவே இருக்கிறது.