விரல் மேல் பழி போட்டேன்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி மணலி புதுநகர் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தாள். ப்ளோவர் என்ற இலவச மென்பொருளில் ஆங்கிலச் சுருக்கெழுத்துத் தட்டச்சு பழகுகிறாள்.

அதில் எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. இடக்கை விரல்கள் முதல் ஒலி, கட்டைவிரல்கள் உயிரொலி, வலக்கை விரல்கள் கடைசி ஒலி. சொல்லின் முதலில் வரும் 'டி' ஒலிக்கு இடக்கையில் தனி விசை கிடையாது. 'டீ', 'கே' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதுதான் 'டி'. ஆகவே w, s, v, l நான்கையும் ஒன்றாக அழுத்தி, எல்லா விரலையும் எடுத்ததும் dog என்று முழுச் சொல்லாக விழும். எந்த விரல் முந்தியது என்ற கணக்கே இல்லை.

அவளுக்கு அடிக்கடி வேறு சொல் விழுந்தது. "இன்னும் பழகும்மா" என்றேன், அந்தக் காலத்து வாத்தியார் மாதிரியே. முகம் வாடிப் போனாள்.

அப்புறம் ப்ளோவரை நிறுத்திவிட்டு, நோட்பேடில் அந்த நான்கையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். மூன்றுதான் வந்தது, w இல்லை. அது விட்டுப்போனால் 'டி' வெறும் 'கே' ஆகிவிடும். சாதாரண கீபோர்டுகள் பல, சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும்.

குறை அவள் விரலில் இல்லை. "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். வகுப்பில் இப்படி எத்தனை பேரை வாட வைத்தேனோ!