அஞ்சல் பெட்டியில் இரண்டு பெயர்கள்

ஜெர்மனியில் குடியேறுவோருக்கு முதல் மாதத்தில் மூன்று வேலைகள் உண்டு. முகவரியைப் பதிவு செய்தல், வங்கிக் கணக்குத் தொடங்குதல், வரி அடையாள எண் பெறுதல். மூன்றும் தனித்தனியே எளியவை. ஆனால் இவை ஒன்றின் வாலை ஒன்று பற்றிக்கொண்டு நிற்பவை. முன்னது முடியாமல் பின்னது நகராது. இந்தச் சங்கிலியில் எளிதில் அறுபடக்கூடிய கண்ணி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கிறது: கீழ்த்தளத்து அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டில்.

கணவர் நீல அட்டை அனுமதியில் 2025 பிப்ரவரியிலேயே பிராங்பர்ட் வந்துவிட்டார். கல்லூரியில் விடுப்புப் பெற்றுக்கொண்டு, மகளுடன் நாங்கள் ஜூலையில் வந்து சேர்ந்தோம். குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இப்பதிவுக்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் கொண்டுபோனால் போதாது. இன்னார் இன்ன நாளில் இந்த வீட்டில் குடிபுகுந்தனர் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தனிச்சான்று வேண்டும். கணவர் முன்பே பெற்றிருந்த சான்றில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. எனவே எங்கள் இருவர் பெயரிலும் புதிதாக ஒன்று வாங்கினோம். அலுவலகத்தில் கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. பதிவுச் சான்று கையில் கிடைத்தது.

இந்தப் பதிவே அடுத்த சக்கரத்தையும் சுழற்றிவிடுகிறது. நகர அலுவலகம் விவரங்களை நடுவண் வரி அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பதினோரு இலக்க வரி அடையாள எண், விண்ணப்பம் ஏதுமின்றி, பதிவான முகவரிக்கு அஞ்சலில் வருகிறது. பேச்சுவழக்கில் இது ‘ஸ்டொயர் ஐடி’. குழந்தைகளுக்கும் உண்டு; ஒருவருக்கு ஒரே எண்தான், வாழ்நாள் முழுதும் அது மாறாது. சொந்தத் தொழில் செய்வோருக்கும் பிறருக்கும் உள்ளூர் வரி அலுவலகம் தரும் ‘ஸ்டொயர்னும்மர்’ வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒன்றுக்குரிய கட்டத்தில் மற்றதை எழுதிவிடுவோர் பலர்.

வங்கிக் கணக்கில் எங்களுக்குச் சிக்கல் நேரவில்லை. கடவுச்சீட்டையும் பதிவுச் சான்றையும் கிளையில் காட்டினோம். வரி எண்ணைப் பிறகு தரலாம் என்று ஒப்புக்கொண்டனர். மறுத்திருந்தாலும் வழி உண்டு. 2016 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவரும் ‘பாஸிஸ்கோன்டோ’ என்னும் அடிப்படைக் கணக்கை உரிமையாகக் கேட்கலாம். ஆனால் கணக்குத் தொடங்கிய பின்னர் பண அட்டை ஓர் உறையிலும் அதன் இரகசிய எண் மற்றோர் உறையிலும் வெவ்வேறு நாட்களில் அஞ்சலில் வரும் என்றார்கள். மறுபடியும் அஞ்சல்!

மூன்று வாரங்கள் கழிந்தன, நான்காவதும் போயிற்று. அட்டையும் வரவில்லை, எண்ணும் வரவில்லை. கணவருக்கோ, பிப்ரவரியில் பதிந்தபின் மூன்றாம் வாரமே கடிதம் வந்திருந்தது. ஒரே வீடு, ஒரே பெட்டி. வேறுபாடு எங்கே?

விடை எங்கள் பெயர்களில் இருந்தது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டு கேட்கிறதே என்று தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்புகிறோம். கணவரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், அவர் தந்தையின் பெயர். எங்கள் இருவரின் கடவுச்சீட்டிலோ, கணவரின் சொந்தப் பெயர். நமக்கு இது இயல்பு. ஜெர்மானியக் கண்ணுக்கோ ஒரே வீட்டில் தொடர்பில்லாத இரு குடும்பங்கள். வாடகை ஒப்பந்தத்தின்படி பெட்டியில் சீட்டு ஒட்டிய கட்டடப் பராமரிப்பாளர், ஒப்பந்தத்தில் கண்ட மாமனார் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தார்.

நம்மூரில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். இங்கே பெரும்பாலான முகவரிகளில் தெருவும் கட்டட எண்ணும் மட்டுமே. அடுக்கக வீட்டுக்குத் தனி எண் எழுதும் வழக்கமில்லை. பதினெட்டு பெட்டிகளில் எது எவருடையது என்பதைப் பெயர்தான் சொல்ல வேண்டும். உறையில் உள்ள பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். திரும்பிய செய்தியை நமக்கு எவரும் தெரிவிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பழுது வெளியே தெரியாமல் நீள்கிறது.

நீண்டால் இழப்பு உண்டு. செப்டம்பரில் பகுதிநேரப் பணி ஒன்று கிடைத்திருந்தது. மாதம் 1200 யூரோ. ஊதியப் பிரிவு அம்மையார் பொறுமையாக விளக்கினார்: “எண் வராதது உங்கள் குற்றமன்று, ஆகவே மூன்று மாதம் வரை உங்களுக்குரிய நான்காம் வகுப்பிலேயே கணக்கிடலாம். அதற்கு மேல் ஆறாம் வகுப்புதான்.” நான்காம் வகுப்பில் அந்த ஊதியத்துக்கு வருமான வரியே வராது. ஆறாம் வகுப்பில் அடிப்படை விலக்கு கிடையாது. முதல் யூரோவிலிருந்தே பிடித்தம். பின்னர் கணக்கைத் திருத்தித் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை கைக்கு வராது. குழந்தை உதவித்தொகை வேறு இருந்தது. 2025இல் மாதம் 255 யூரோ. விண்ணப்பத்தில் மகளின் வரி எண் வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு மாதத்துக்கு மட்டுமே நிலுவை தருவார்கள்.

தீர்வு சிறியதுதான். பராமரிப்பாளரிடம் இரண்டு குடும்பப் பெயர்களையும் எழுதிக் கொடுத்தோம். அச்சிட்ட சீட்டு வரும்வரை, கையால் எழுதிய சீட்டைப் பெட்டியிலும் வாயில் அழைப்பு மணியிலும் அவர் சம்மதத்தோடு ஒட்டினோம். பிறகு நடுவண் வரி அலுவலகத்தின் இணையப் படிவத்தில் எண்ணை மீண்டும் அனுப்பக் கோரினோம். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ அவர்கள் எண்ணைச் சொல்வதில்லை. பதிவான முகவரிக்கு அஞ்சலில் மட்டுமே அனுப்புவர். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பெயர்ச்சீட்டு, பிறகு கோரிக்கை. மாற்றிச் செய்தால் இரண்டாம் கடிதமும் முதற் கடிதத்தின் வழியே போகும். வங்கியிடமும் அட்டையை மறுபடி அனுப்பச் சொன்னோம். அட்டை ஒரு வாரத்தில் வந்தது. வரி எண்கள் இரண்டும் செப்டம்பர் கடைசியில், மூன்று மாதக் கெடுவுக்கு வெகு முன்பே வந்து சேர்ந்தன.

இனி வரும் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள். ஒன்று, பதிவு அலுவலகத்தில் சான்றைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாமல், குடும்பப் பெயர்க் கட்டத்தில் எந்தப் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ளவர்கள் இதை இருமுறை பார்க்க வேண்டும். அவர்களுடைய முழுப்பெயரும் குடும்பப் பெயராகவே பதிவாகிவிடுவதுண்டு. சான்றில் உள்ள பெயர்தான் இனி எல்லா உறைகளிலும் வரும்; பெட்டியிலும் அதுவே இருக்க வேண்டும், நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் பெயரன்று.

மற்றொன்று, அன்றைக்கே வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும், சான்றில் கண்டபடியே முகவரி எழுதி, ஓர் அஞ்சலட்டை போடுங்கள். உள்நாட்டு அட்டைக்கு 95 சென்ட். சில நாட்களில் அது உங்கள் பெட்டியில் விழுந்தால் வரி எண்ணும் விழும். விழாவிட்டால், எங்களைப் போல ஐந்து வாரம் காத்திருக்காமல், அந்த வாரமே பராமரிப்பாளரைத் தேடிப் போகலாம்.