ஆடி மாதத்துக் கமரா

யாழ்ப்பாணத்தில் குறும்படத்துக்கான கமராவும் விளக்கும் பெரும்பாலும் கலியாண வீட்டுக் கருவிகள்தாம். கொழும்பில் இருப்பதுபோல் சினிமாவுக்கென்றே கருவிகளை வாடகைக்கு விடும் கடைகளை இங்கு தேடி அலைய வேண்டும். மாணவர்கள் போய் நிற்பது கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் விழா எடுக்கும் ஸ்ரூடியோக்களின் வாசலில். ஆகவே முகூர்த்த நாட்களில் எவ்வளவு காசு கொடுத்தாலும் நல்ல கமரா கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அதே கமரா அலுமாரிக்குள் இருக்கும். பல்கலைக்கழகக் கலை ஒன்றியமொன்றின் படப்பிடிப்பை வடமராட்சிக் கரையில் பார்க்கப் போனபோது, அவர்களுடைய செலவுத் தாளின் முதற் பத்தியில் தொகைகளைக் காணவில்லை. அங்கே திகதிகளே எழுதப்பட்டிருந்தன.

தாளை எழுதியவர் தயாரிப்பு முகாமையாளரான மூன்றாம் வருட மாணவி. கதையை இடம் வாரியாகப் பிரித்து, ஒரே வீட்டில் நடப்பவை ஒரு நாள், கடற்கரையில் நடப்பவை மற்ற நாள் என்று அடுக்கியிருந்தார். அப்படி அடுக்கியபோது மூன்று நாள் வேலை இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ஸ்ரூடியோக்காரரிடம் நாள் வாடகை 17,000 ரூபா: கமராவும் இரண்டு லென்சும் முக்காலியும் 9,000, விளக்கு 4,000, ஒலிப்பதிவுக் கருவிகள் 4,000. ஒரு நாள் குறைந்ததும் வாகனமும் சாப்பாடும் கூடவே குறைந்தன. செலவுத்திட்டத்தில் மிச்சம் பிடிக்க முடிந்த மிகப் பெரிய தொகை இதுதான். கடைக்காரரிடம் பேரம் பேசிக் கிடைக்கும் தொகை இதற்குக் கிட்டவும் வராது.

பேரமும் நடந்தது. ஆடி என்பதால் இரண்டு நாளுக்கு 34,000 கேட்க வேண்டியவர் 28,000க்கு இறங்கினார். முதல் நாள் பின்னேரம் எடுத்து, முடிந்த மறுநாள் காலை திருப்பிக் கொடுக்கும் நேரத்துக்கு வாடகை இல்லை. பிணையாக இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் விரிவுரையாளர் ஒருவரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு மாணவியைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, ஆடியிலை கலியாணம் இல்லை, கொண்டு போங்கோ. ஆனால் சோளகம் அடிக்கும். மணலுக்கை வைச்சு லென்ஸ் கழட்டாதையுங்கோ. பழுதாப் போனால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்.”

மலிவு மாதத்தின் விலை அந்தக் காற்றுத்தான். சோளகக் காலத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கரையில் நின்று பேசினால் ஒலிவாங்கியில் காற்றின் உறுமல் மட்டுமே பதியும். படம் பிடிக்கும்போது காதுக்கு இது தெரியாது, ஏனெனில் காற்றை நம் காது தள்ளிவிட்டுப் பேச்சை எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் போட்டுக் கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் பிழை அங்கேயே பிடிபடும். ஒலி பிடித்த இளைஞன் முதல் ஒத்திகையிலேயே கையை உயர்த்தி நிறுத்தினான். ஒலிவாங்கிக்கு மாட்டும் மயிர் உறை 1,000 ரூபாவுக்கு எடுத்திருந்தார்கள். அது பாதிக்குத்தான் உதவியது. கடற்கரை உரையாடல் முழுவதையும், நடிகர்களின் மனதில் சொற்கள் சூடாக இருக்கும்போதே, கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் இருத்தி மறுபடி பேசவைத்துப் பதிந்தார்கள். செலவே இல்லாத வேலை. பின்னர் தொகுப்பில் வாயசைவுக்குப் பொருத்த அது போதும் என்றான். இதை அன்றே செய்யாமல் விட்டால் நடிகர்களை மறுபடி ஒரு நாள் கூட்டிவர வேண்டும், அந்தச் செலவு எந்தத் தாளிலும் இருக்காது.

அனுமதி விஷயத்தில் காசைவிட நாட்களே அதிகம் போயின. முதற் கதையில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒரு காட்சி இருந்தது. கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. படம் பிடிக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். பதில் வரும் நாள் தெரியாததால் அந்தக் காட்சியை ஒரு பழைய நாற்சார் வீட்டின் முற்றத்துக்கு மாற்றி எழுதினார்கள், கதை கெடவில்லை. மேலிருந்து கரையைக் காட்ட ட்ரோன் கேட்டவர்களும் இருந்தார்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை, குடாநாட்டில் பலாலி விமான நிலையமும் இருக்கிறது. அதையும் கைவிட்டார்கள். மிஞ்சியவை கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுக்கும் அறிவித்தல் கடிதங்களும், கரைக்குக் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதமும். பல்கலைக்கழகத் தலைப்புத்தாள், திகதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. கிராம அலுவலர் வெளிவேலையில் இருந்ததால் இரண்டாம் முறையும் போகவேண்டி வந்தது. 2,000 என்று போட்ட இடத்தில் 3,200 முடிந்தது. முழுக்கப் பெற்றோலும் பிரதிச் செலவும்தான்.

சங்கத் தலைவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: “வள்ளம் கரைக்கு வந்து மீன் ஏலம் போற நேரம் கமராவைத் தூக்காதையுங்கோ தம்பியவை. ஏலம் முடியட்டும்.” அந்த நிபந்தனை படத்துக்கும் நல்லதாகவே முடிந்தது. காலை ஏலம் முடிந்த பிறகு வள்ளம் சும்மா நிற்கும். உரிமையாளருக்கு ஒரு நாள் தொழில் கெடாததால் எரிபொருளும் அவருடைய நேரமும் சேர்த்து 5,000 ரூபாவுடன் உடன்பட்டார். தொழிலுக்குப் போகும் நேரத்தில் கேட்டிருந்தால் அந்த நாளின் மீனுக்கும் காசு கொடுக்க வேண்டி வந்திருக்கும், அது நியாயமும்கூட.

பதினான்கு பேருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 11,200 ரூபா போட்டிருந்தார்கள். சம்பளமில்லாமல் வெயிலில் நிற்பவர்களுக்கு நல்ல சாப்பாடாவது கொடுக்கவேண்டும் என்பதில் மாணவி உறுதியாக இருந்தார். ஆடி வெள்ளி, ஆடி அமாவாசை, அடுத்து நல்லூர்த் திருவிழா என்று பாதிப் பேர் மச்சம் தொடாத காலம். ஆகவே எல்லோருக்கும் சைவம் என்று முடிவெடுத்தார்கள். பட்டியல் இரண்டாகப் பிரியவில்லை, செலவும் இறங்கியது. கடைப் பார்சல் வேண்டாம் என்றதும் அவர்தான். பன்னிரண்டு மணிக்குக் கட்டிய சோறு, காட்சி இழுபட்டு இரண்டு மணிக்குப் பிரித்தால் தாளுக்குள் வேர்த்து மணக்கத் தொடங்கிவிடும். அயல் வீட்டு அக்கா ஒருவர் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், மத்தியானம் பானையோடு சோறும் கறியும் கொண்டுவந்தார். எப்போது சாப்பிட்டாலும் சூடு இருந்தது.

ஆனால் அந்த அக்காவிடம் அச்சடித்த பற்றுச்சீட்டு இல்லை. ஒன்றியத்தின் காசை மாணவப் பொருளாளர் எடுத்தாலும் சிரேஷ்ட பொருளாளரான விரிவுரையாளர் கையெழுத்திட வேண்டும். அவர் கேட்பது சீட்டு. திகதி, விபரம், தொகை, பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிய வவுச்சர் தாள்களை மாணவி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். வள்ளக்காரரும் அக்காவும் அந்த இடத்திலேயே கையெழுத்திட்டார்கள். ஒரு வாரம் கழித்து இதற்காக 30 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி ஓடிய மாணவர்களை நான் முன்பு பார்த்திருக்கிறேன். பெரும்பாலான ஒன்றியங்களில் மாணவர் சொந்தக் காசைப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

போட்ட திட்டம் 81,000, எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதம் சேர்த்து 89,100. முடிந்த கணக்கு 83,200. அனுமதிச் செலவோடு வாகனமும் கூடியது: வீட்டில் மின்சாரம் போனதால் பற்றரிகளை ஏற்ற மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்கும் கரைக்கும் அலைந்ததில் 16,000 என்று போட்டது 19,000 ஆனது. 89,100இல் மிஞ்சிய 5,900 ரூபாவை அடுத்த படத்துக்கென்று ஒன்றியக் கணக்கிலேயே விட்டிருக்கிறார்கள். சிரேஷ்ட பொருளாளர்களாக இருக்கும் விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முற்பணத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே கொடுங்கள். வவுச்சர் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் கணக்கையும் ஒழுங்காகக் கொண்டுவந்து தருவார்கள்.