இறங்குங்க டீச்சர்!

அந்தக் குரல் பின்வரிசையிலிருந்து வந்தபோது, நான் மைக் முன்னால் நின்று ஏழு நிமிடம் ஆகியிருந்தது. கையில் இரண்டு பக்கத்துக்கு எழுதிய அறிமுக உரை. இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் 15. ஏற்காடு மலையில் எங்கள் மாரமங்கலம் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டம். ஒரு சிற்றூருக்குச் சாலை போடும் விஷயமாகப் பேச ஓர் அதிகாரி வந்திருந்தார். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க இங்க இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கீங்க டீச்சர். சாரை நீங்களே அறிமுகப்படுத்துங்க. நீங்க பேசினா கேட்பாங்க" என்றார்.

கேட்கவில்லை. அதிகாரி எங்கே படித்தார், எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், எவ்வளவு எளிமையானவர் என்றெல்லாம் நான் வாசித்துக்கொண்டிருக்க, "ரோடு எங்கே?" என்று ஒருவர் கத்தினார். நான் காதில் வாங்காதவள் போல வாசித்தேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம்தான் "இறங்குங்க டீச்சர்!" என்ற குரல்.

கோபம் வந்துவிட்டது. மைக்கைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தை நோக்கி நான்கு அடி முன்னால் போய், "கொஞ்சம் நாகரிகமா நடந்துக்கங்க!" என்றேன். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றதால் மைக் வீலென்று அலறியது. கூட்டமே சிரித்தது. அதற்குமேல் யார் பேச்சும் எடுபடவில்லை. அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சாலைத் தீர்மானம் நிறைவேறாமலே கூட்டம் கலைந்தது.

நஷ்டம் என் மானத்துக்கு மட்டும் என்றால் மறந்திருப்பேன். அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தூரம் காட்டு நிலத்தின் வழியே போகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைச் சாலை, பள்ளி, குடிநீர் போன்ற தேவைகளுக்குத் தரலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முதலில் கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். எங்கள் சாலை மூன்றே முக்கால் மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் முக்கால் ஹெக்டேர்தான் வருகிறது. சட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் சபையின் பரிந்துரை இல்லாமல் காகிதம் நகராது. அதைச் சொல்லத்தான் அந்த மனிதர் மலையேறி வந்திருந்தார். கத்தியவர்களுக்கும் அதே சாலைதான் வேண்டும். இடையில் நின்று கெடுத்தது என் ஏழு நிமிடம்.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு அதே அதிகாரி மறுபடி வர ஒப்புக்கொண்டார். தலைவரிடம் நானே போய், "இந்தத் தடவையும் நானே அறிமுகப்படுத்தறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். ஆகஸ்டில் கத்திய மூன்று பேரும் அங்கேதான் இருப்பார்கள் என்று தெரியும். "என்னப்பா கோபம் உங்களுக்கு?" என்று கேட்டேன். அந்த அதிகாரியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. முன்பொரு தடவை யாரோ வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம். பிறகு ஆளையே காணோம். "அளந்தது என்னாச்சுன்னு யாராவது சொன்னாங்களா டீச்சர்?" என்றார் அவர்களில் மூத்தவர். அவ்வளவுதான் விஷயம்.

அன்று இரவே அதிகாரிக்குப் போன் செய்தேன். "சார், வணக்கம் சொன்ன கையோட, முன்னால அளந்தது என்னாச்சுங்கறதைச் சொல்லிடுங்க. சட்டமெல்லாம் அதுக்கப்புறம்" என்றேன். மேடையில் முதன்முறையாக அந்தக் கேள்வியைச் சந்திக்கிறவர் திணறுவார். அந்தத் திணறலைக் கூட்டம் பொய் என்றே எடுத்துக்கொள்ளும்.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்து வைக்கச் சொன்னேன். பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால்தான் அது அலறும்; பேசுகிறவர் பெட்டிக்குப் பின்னால் நின்றால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒரு பையனைக் கடைசி வரிசையில் நிற்க வைத்து, காதில் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டேன். பின்னால் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் அவர் பக்கத்து ஆளிடம் பேசத் தொடங்குவார். பாதி இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது.

இரண்டாவது, பள்ளியிலிருந்து ஆறு பெஞ்சு கொண்டுவரச் செய்து பின்னால் போட்டேன். ஆகஸ்டில் கத்தியவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தவர்கள். நிற்கிறவனுக்குக் கத்துவதும் சுலபம், கத்திவிட்டு நழுவுவதும் சுலபம். உட்கார்ந்தவன் கத்த வேண்டுமென்றால் முதலில் எழுந்திருக்க வேண்டும். நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, பக்கத்தில் கொட்டை எழுத்து பேனா ஒன்றும் வைத்தேன். இது பழைய யோசனைதான். கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்கள். அந்த இடத்திலேயே பிற்பாடு அவருக்குச் சிலை வைத்தார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்த்தவர், கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி மேடையிலேயே பதில் சொல்வார். தன் கேள்வி மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தவனுக்குக் கத்த வேண்டிய அவசியம் குறைகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு எழுதிப் பழக்கமில்லை. அதனால் சீட்டுக்குப் பதில் சார்ட். எழுதுவது என் வேலை.

கூட்டம் தொடங்கியது. மூடுபனியில் எதிர் மேடு தெரியவில்லை. தலைவர் என் பெயரைச் சொன்னதுமே பின்னால் ஒரு சிரிப்பு. நான் காகிதம் எதுவும் எடுத்துப் போகவில்லை. அன்று நான் பேசியது இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம ரோடு காகிதம் எங்க நின்னிருக்கு, அதை நகர்த்த இன்னைக்கு இந்த சபை என்ன எழுதித் தரணும்னு சொல்லத்தான் சார் வந்திருக்கார். முன்னாடி அளந்துட்டுப் போனது என்னாச்சுன்னு நீங்க கேக்கறீங்க; அதுக்குத்தான் முதல் பதில். சார் பதினைந்து நிமிஷம் பேசுவார். அதுக்கப்புறம் மைக் உங்க பக்கம் வரும்."

இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் டீக்கடை மூத்தவர் எழுந்துவிட்டார். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க!"

பேச்சை நிறுத்தினேன். ஆகஸ்டில் நிறுத்தவில்லை; அவருக்கு மேல் என் குரலை உயர்த்தினேன். மைக்கில் கத்தினால் சத்தம் கூடும், சொல் தெளியாது. இந்தத் தடவை அவர் முடிக்கும் வரை அவரையே பார்த்தேன். பிறகு மெதுவாக, "போன தடவை அளந்தாங்க, பதில் வரலைன்னு அண்ணன் கேக்கறார்" என்று அவர் கேள்வியையே மைக்கில் திருப்பிச் சொல்லி, சார்ட்டில் முதல் எண் போட்டு எழுதினேன். தன் வார்த்தை ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த குரல் வேறு ரகம். "டீச்சர், ஒரு பாட்டு பாடுங்க!" இந்த மாதிரி நேரத்தில் நான் கத்தியவரைப் பார்ப்பதில்லை, அவருக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பேன். அவர்கள் தலையாட்டினால் அவர் பத்துப் பேருக்காகப் பேசுகிறார். பதில் சொல்லியே ஆக வேண்டும். முகத்தைச் சுளித்து அவர் பக்கம் திரும்பினால் அவர் தனி ஆள். மூத்தவர் கேட்டபோது மூன்று வரிசை தலையாட்டியது. பாட்டு கேட்டவரை அவர் பக்கத்து அம்மாவே முறைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் இன்னொரு பாட்டு கேட்டிருப்பார்.

மூன்றாவதாக ஒரு தம்பி நேரே வந்து மைக்குக்குக் கை நீட்டினான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிடுங்க வந்தவரோடு இழுபறி செய்தாலும் கெட்டது. மைக்கைக் கொடுத்துவிட்டாலும் திரும்பி வராது. "நான் பிடிச்சுக்கறேன், நீ கேளுப்பா" என்று மைக்கை அவன் வாய்க்கு நேராகக் காட்டினேன். ஒரே கேள்வி கேட்டான். மைக்கை என் பக்கம் திருப்பி, "ரெண்டாவது எண்" என்று எழுதினேன்.

முழு அமைதிக்காக நான் காத்திருக்கவில்லை. அது வராது. சத்தம் ஒரு அலை போல ஏறும், இறங்கும்; இறங்குகிற நேரத்தில் "சார், முதல் கேள்வி உங்களுக்கு" என்று மைக்கைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உட்காராமல், முதல் இரண்டு நிமிடம் சார்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர், "முன்னால அளந்தது செல்லாது. ஏன்னா அப்போ சபைத் தீர்மானம் வாங்கலை. தப்பு எங்க பக்கம்தான்" என்று ஆரம்பித்தார். கூட்டம் ஒரு நிமிடம் அப்படியே அடங்கிப்போயிற்று.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இருவர் பாதியில் எழுந்து போனார்கள். பாட்டு கேட்டவர் கடைசி வரை முணுமுணுத்தார். என் முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. கூட்டத்துக்குத் தலைமை தலைவர்தான். அறிமுகம் செய்கிறவருக்கு யாரையும் வெளியேற்றவோ கூட்டத்தை நிறுத்தவோ உரிமை இல்லை. வாய்ச் சத்தம் கைகலப்பாக மாறினால் மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் முறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரியிடம் பதிலே இல்லாமல் இருந்திருந்தால், என் பெஞ்சும் சார்ட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கியிருக்காது.

தீர்மானம் நிறைவேறியது. வரிசையில் நின்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். டீக்கடை மூத்தவர் கட்டை விரலை மையில் தோய்த்தபடி, "அன்னைக்கும் இவ்வளவு சுருக்கமாப் பேசியிருந்தீங்கன்னா நான் எதுக்கு டீச்சர் கத்தப் போறேன்?" என்றார்.

அந்த இரண்டு பக்க அறிமுக உரை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யாராவது என்னை மேடைக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன்.