கணக்கு சாருக்கு, ஆறரை அடி வரப்பிலிருந்து

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்குற பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். 1986, பத்தாங்கிளாஸ் பிரிவு உபசார விழா. ராஜபாளையத்துல இருந்து ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அன்னைக்கு காசு குடுத்தவனுக்குத்தான் பிரிண்ட். நான் குடுக்கல. அதனால நாப்பது வருஷம் ஆகப்போற நேரத்துல இப்பத்தான் முதல்முதலா பாக்குறேன்.

பெஞ்சைச் சுவரோரம் தள்ளிட்டு நிக்கிறோம். மேசை மேல மந்தார இலையில பால்கோவா, பக்கத்துல காராச்சேவு பொட்டலம். பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பஸ்ல வாங்கிட்டு வந்தது, வர்ற வழியிலயே கால் கிலோ குறைஞ்சது வேற கதை. ஹெட்மாஸ்டரும் மத்த சார்மாரும் நாற்காலியில உக்காந்திருக்காங்க. கணக்கு சாரை மட்டும் காணோம்னு தேடினேன். கடைசியில ஜன்னல் பக்கம், பாதி முகம் வெட்டுப்பட்டு, கையில சாக்பீஸோட நிக்கிறார்.

கரும்பலகையில பெருசா ‘பிரிவு உபசார விழா’ன்னு பூ வரைஞ்சு எழுதியிருக்கு. வலது மூலையில ஒரு முக்கோணம் அழிபடாம இருக்கு. அதை அழிக்கப் போனவனை சார் "ஏலே, அது கிடக்கட்டும்" னு தடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த முக்கோணத்தைப் பத்தித்தான் எழுதணும்.

சார் ஒருநாள் நாலு மூங்கில் குச்சியை நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு, செவ்வகமாக் கொண்டு வந்தார். ஒரு மூலையைப் பிடிச்சு மெதுவா தள்ளினார். சட்டம் சாய்ஞ்சுக்கிட்டே போய் கடைசியில நாலு குச்சியும் ஒட்டிப் போச்சு. "குச்சி நீளம் மாறிச்சாடா?" "இல்ல சார்." "அப்ப உள்ள இருந்த இடம் எங்க போச்சு?" ஒருத்தனும் வாய் திறக்கல. அப்புறம் மூலைக்கு மூலை அஞ்சாவதா ஒரு குச்சியை வச்சு அடிச்சார். இப்ப எவ்வளவு தள்ளினாலும் சட்டம் அசையல. நாலு பக்கத்தை மட்டும் வச்சு எந்த நிலத்துக்கும் பரப்பு சொல்ல முடியாது, மூலைவிட்டம் அளந்தா ரெண்டு முக்கோணமா நிலைச்சுரும்னு சொல்லி, பலகையில ஹீரோன் சூத்திரத்தை எழுதினார். மறுநாள் கயிறும் முளைக்குச்சியுமா மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் அளக்க வச்சார்.

பத்தோட என் படிப்பு நின்னு போச்சு. சூத்திரம் மட்டும் மறக்கல.

1997ல அப்பா தவறிட்டாங்க. அடுத்த வருஷம் நானும் தம்பியும் பாகம் பிரிச்சோம். ஒட்டி ஒட்டி ரெண்டு வயல், நடுவுல 212 அடி பொது வரப்பு. ஒண்ணு சதுரமான வயல். இன்னொண்ணு ஓடைப் பக்கம் சாய்ஞ்சு கிடக்கும். உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டா, அதனால தனித்தனிப் புலப்படம் கிடையாது. ஊர்ல அளக்குற பெரியவர் ஒருத்தர் வந்தார். எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, ரெண்டையும் பெருக்குறது அவர் வழக்கம். எல்லாரும் அப்படித்தான் அளப்பாங்க, அவர்மேல குத்தமில்ல.

சதுர வயல் 212க்கு 149. முப்பத்தோராயிரத்துச் சொச்சம் சதுர அடி. டவுன்ல இருக்குறவங்களுக்காகச் சொல்றேன், ஒரு சென்ட்னா 435.6 சதுர அடி. ஆக எழுபத்திரெண்டரை சென்ட். சாய்ஞ்ச வயலுக்குப் பக்கங்கள் 212, 148, 186, 170. அவர் கணக்குப்படி 199ஐ 159ஆல பெருக்குனா அதுவும் எழுபத்திரெண்டரைதான். "சமமா இருக்கு, சீட்டுப் போடுங்கப்பா"ன்னுட்டார். சதுர வயல் எனக்கு விழுந்துச்சு.

பத்திரம் பதியறதுக்கு நாலு நாள் இருந்துச்சு. எனக்கு மனசுல அந்த மூங்கில் சட்டம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் யாருக்கும் தெரியாம நூறடி டேப்பை எடுத்துட்டுப் போய், என் வீட்டம்மாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மூலைக்கு மூலை இழுத்தேன். என் வயல்ல ரெண்டு மூலைவிட்டமும் 259 அடி. மூலை சரியா இருக்குன்னு அர்த்தம். தம்பி வயல்ல ஒண்ணு 200, இன்னொண்ணு 297. அந்த இடத்துலயே வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு.

ராத்திரி மண்ணெண்ணெய் விளக்குல கணக்குப் போட்டேன். முதல் முக்கோணம் 212, 148, 200. கூட்டினா 560, பாதி 280. அதுல இருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சா 68, 132, 80. நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14,180. ரெண்டாவது முக்கோணம் 186, 170, 200. அது 14,678. மொத்தம் 28,858 சதுர அடி, அறுபத்தாறேகால் சென்ட். சார் எப்பவும் "ஒரு தடவை போட்டது கணக்கு இல்லடா, இன்னொரு வழியில வந்து சேர்ந்தாத்தான் கணக்கு" ம்பார். 297 அடி மூலைவிட்டத்தை வச்சும் போட்டேன். கால் சென்ட் கூட வித்தியாசமில்ல.

தம்பிக்கு ஆறேகால் சென்ட் குறையுது. அவனுக்குத் தெரியாது. அளந்த பெரியவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லிடுறேன், ரெண்டு நாள் நான் வாய் திறக்கல. சீட்டுல விழுந்தது தானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்ப ரெண்டு பிள்ளைங்க, கிணத்துக் கடன் வேற. வீட்டம்மாவும் எதுவும் கேக்கல, ஆனா சோறு போடும்போது முகத்தைப் பாக்கல.

மூணாம் நாள் காலையில மூங்கில் குச்சி அஞ்சை எடுத்துட்டு தம்பி வீட்டுக்குப் போனேன். சார் செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டினேன். அவன் சட்டத்தைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "எப்பண்ணே கண்டுபிடிச்ச?"ன்னான். "முந்தாநாள்"னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "காப்பி குடிண்ணே"ன்னான்.

ரெண்டு வயலுக்கும் வித்தியாசம் 2,730 சதுர அடி. பாதி 1,365. வரப்பு நீளம் 212ஆல வகுத்தா ஆறரை அடிக்கு ஒரு விரக்கடை குறைவு. வரப்பை என் பக்கம் ஆறரை அடி தள்ளி வச்சுக்கிட்டோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் மண்வெட்டி போட்டோம், ஒண்ணரை நாள் வேலை. அப்புறம்தான் பத்திரம்.

அளக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. டேப் தொய்ஞ்சா அளவு கூடிரும், இழுத்துப் பிடிக்கணும். ஓடைக்கரை மாதிரி வளைஞ்ச ஓரத்துக்கு இந்த வழி மட்டும் பத்தாது, நேர்கோடு ஒண்ணு போட்டு அதுல இருந்து அங்கங்க குறுக்க அளக்கணும். சர்க்கார் புலப்படத்துல வயலுக்குள்ள கோடு கோடா ஓடுறதும் இதே வேலைதான்.

சார், இதை நான் உங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. ரதவீதியில ரெண்டு தடவை உங்களைப் பாத்தேன். பத்தோட நின்னவன்கிற கூச்சத்துல ஒதுங்கிப் போயிட்டேன். இப்ப கண்ணு சரியாத் தெரியலன்னு கூட்டாளி சொன்னான். வர்ற ஞாயித்துக்கிழமை தம்பியும் நானும் வர்றோம். போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டாச்சு. ஆனா அது தெரியுமோ என்னமோன்னு, தம்பி பரண்ல இருந்து அந்த அஞ்சு குச்சியையும் எடுத்து வச்சிருக்கான். ஆணி துருப்பிடிச்சிருக்கு, சட்டம் இன்னும் ஆடல. கையில பிடிச்சுப் பாருங்க சார்.