புள்ளி இடாப்பை விட்டுக்கொடுக்காத டீச்சரிடம் நாங்கள் படித்தது

தவணை முடிகிற நாட்களில் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரம் 6 முதல் 9 வரை வகுப்பாசிரியர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் அகலமான புள்ளி இடாப்பு, சிவப்புப் பேனை, அடிமட்டம். ஒரு வகுப்புக்கு 38 பிள்ளைகள், 12 பாடங்கள். கூட்டி, சராசரி பிரித்து, நிலை போட்டு, தேர்ச்சி அறிக்கையில் கையால் எழுதி முடிக்க ஒரு வாரம் போய்விடும்.

இதை எக்செல்லுக்கு மாற்றும் பொறுப்பு எங்கள் மூன்று பேரிடம் வந்தது. மூவருமே அந்தப் பிரிவில் இளையவர்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவர்கள். எங்களில் ஒருவருக்கு அவர்களில் இரண்டு பேர் படிப்பித்தும் இருக்கிறார்கள்.

முதல் பிழையை நாங்கள்தான் விட்டோம். ளுஹருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எல்லாரையும் உட்காரவைத்து, திரையில் போட்டுக் காட்டினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். "மாஷா அல்லாஹ், நல்ல வேலை" என்றார்கள். அடுத்த நாள் ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொருவராக வந்து புள்ளித் தாளை நீட்டினார்கள்: "மகன், எங்களுக்கு இது சரிவராது, நீங்களே அடிச்சிடுங்க."

பெரியவர்கள் கேட்கிறார்கள், எப்படி மறுப்பது? பன்னிரண்டு வகுப்பையும் நாங்களே இரவிரவாக அடித்தோம். இதைவிட மோசமான உதவி கிடையாது. அவர்கள் படிக்கவும் இல்லை, கோப்பில் என்ன பிழை என்று பார்க்கவும் இல்லை. எங்களுக்கு மட்டும் கண் சிவந்தது.

வெளிப்படையாக மறுத்தவர் ஒரே ஒருவர். 27 வருடம் வகுப்பாசிரியராக இருந்த டீச்சர். "தம்பி, எங்கட கணக்கு இதுவரைக்கும் பிழைச்சிருக்கா? பிழைச்சிருந்தா காட்டுங்க, மாறுறன்" என்றார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்றுதான் எடுத்தோம். பிறகு அவர் வகுப்புத் தாளை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் எங்கள் பிழையைக் காட்டினார்.

ஒரு பிள்ளை சுகமில்லாமல் ஒரு பாடப் பரீட்சைக்கு வரவில்லை. அந்தக் கட்டத்தில் AB என்று போட்டிருந்தோம். மற்றப் பதினொரு பாடத்திலும் கூட்டுத்தொகை 726. சராசரிக்கு நாங்கள் எழுதியிருந்தது இது:

```
=AVERAGE(D5:O5)
```

இந்தச் சூத்திரம் எழுத்து இருக்கிற கட்டத்தை எண்ணாது. அதனால் 726ஐப் பதினொன்றால் பிரித்து 66 என்று காட்டியது. பன்னிரண்டு பாடமும் எழுதி 768 எடுத்த பிள்ளைக்குச் சராசரி 64. நாங்கள் நிலை போட்டது சராசரியை வைத்து. ஆகவே ஒரு பாடமே எழுதாத பிள்ளை, எல்லாம் எழுதிய பிள்ளைக்கு மேலே நின்றது. டீச்சரின் இடாப்பில் வராத பாடத்துக்குப் பூச்சியம், பிரிப்பது எப்போதும் பன்னிரண்டால். அப்படிப் பார்த்தால் 60.5. அந்த வழக்கம் எந்தச் சுற்றுநிருபத்திலும் பார்த்து நாங்கள் படித்ததில்லை. அவருடைய கையில் இருந்தது. சூத்திரத்தை அங்கேயே மாற்றினோம்:

```
=SUM(D5:O5)/12
```

அன்று எங்களுக்கு ஒன்று உறைத்தது. அவர் கணனிக்குப் பயப்படவில்லை. தான் பார்க்க முடியாத இடத்தில் கணக்கு நடப்பதற்குத்தான் பயந்தார். இடாப்பில் கூட்டும்போது ஒவ்வொரு பிள்ளையின் புள்ளியும் அவர் கண்ணால் கடந்து போகும். "இவன் கணிதத்தில 30 எடுக்கிற பிள்ளை இல்லையே" என்று அப்போதே விடைத்தாளை எடுத்துப் பார்ப்பார். நாங்கள் கொண்டுபோன கோப்பு கூட்டும் வேலையோடு அந்தப் பார்வையையும் சேர்த்து எடுத்துவிட்டது.

அடுத்த தவணை வேறு மாதிரிச் செய்தோம். இடாப்பை நிறுத்தவில்லை, ஒரு தவணைக்கு இரண்டும் நடக்கட்டும் என்றோம். திரையில் பாட வரிசை, பிள்ளைகளின் வரிசை, அச்சில் வரும் தாள் எல்லாம் இடாப்பில் இருப்பதைப் போலவே அமைத்தோம். அடிப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் அடித்தார்கள். முதலில் சொல்லிக்கொடுத்தது Ctrl+Z. "எதை அழுத்தினாலும் திரும்பி வரலாம்" என்று கண்ட பிறகுதான் விரல் நடுக்கம் நின்றது. பெயர்களைப் பாமினியில் அடித்துப் பழகியவர்களுக்கு, கைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்தாக வந்ததில் மனம் நொந்தது. பெயர்களை நாங்கள் யுனிகோடில் ஒரு தரம் போட்டுக்கொடுத்தோம். அவர்கள் எண்களை மட்டும் அடித்தால் போதும் என்றானது.

அப்படியிருந்தும் ஒரு விபத்து நடந்தது. ஒரு சேர் பெயர்களை அகர வரிசையாக்க நினைத்து, பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினார். எக்செல் எச்சரிக்கை காட்டியது. அவர் Continue with the current selection என்பதை அழுத்தினார். பெயர்கள் இடம் மாறின, புள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றன. 38 பிள்ளைகளுக்கும் வேறு ஆளின் புள்ளி. தேர்ச்சி அறிக்கைகள் அச்சாகியும் விட்டன.

கண்டுபிடித்தது அந்த டீச்சர்தான். கையெழுத்துக்கு அடுக்கியிருந்த அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தில 91ஆ? வாப்பா, எங்கயோ பிழைச்சிருக்கு" என்றார். சேர்விலக்கத்தை இடாப்போடு ஒப்பிட்டதும் பிழை வெளியில் வந்தது. அறிக்கைகள் வீட்டுக்குப் போயிருந்தால் எத்தனை பிள்ளை அநியாயமாக ஏச்சு வாங்கியிருக்கும்!

அந்த சேரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. பெயர் நிரலைப் பூட்டாமல் கொடுத்தது நாங்கள். இப்போது புள்ளி போடும் கட்டங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் Protect Sheet மூலம் பூட்டித்தான் கொடுக்கிறோம். சரிபார்ப்புக்கும் ஒரு முறை வந்தது. முதலில் பாடவாரியாகக் கீழே வரும் கூட்டுத்தொகையைக் கையால் கூட்டியதோடு ஒப்பிட்டால் போதும் என்று நினைத்தோம். பெயர்கள் மாறினாலும் அந்தத் தொகை மாறாது, ஆகவே இந்த விபத்தை அது பிடித்திருக்காது. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து பிள்ளைகளை வகுப்பாசிரியரே தெரிவுசெய்து, பெயரையும் குறுக்கே உள்ள பன்னிரண்டு புள்ளிகளையும் மூலத்தாளோடு பார்த்து, கையால் கூட்டி, கையெழுத்து வைத்த பிறகுதான் அச்சு. இதைச் சொல்லித்தந்ததும் டீச்சர்தான். இப்போது மற்ற வகுப்புகளையும் அவர்தான் பார்க்கிறார்.

ஒரு வாரம் எடுத்த வேலை இப்போது இரண்டு நாளில் முடிகிறது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தாங்களே அடிக்கிறார்கள். ஒரு சேர் இன்னும் மடிக்கணனியைத் தொடுவதில்லை, அடுத்த வருடம் ஓய்வு. அவர் வாசிப்பார், பக்கத்து வகுப்பு டீச்சர் அடிப்பார். அவர் வகுப்பில் பிழை மிகக் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு இரண்டு முறை சொல்கிறார். அவரை நாங்கள் வற்புறுத்துவதில்லை.

வேறு பாடசாலைகளில் இதைத் தொடங்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று மட்டும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவரின் பக்கத்தில் முதல் நாளே போய் உட்காருங்கள். நாங்கள் ஒரு தவணை பிந்திப் போனோம்.