நாலு வரிக் கவிதை

எங்கள் இணைய இதழில் தோழி ஒருத்தியின் கவிதை வந்தபோது, அதற்கு அடுத்த வாரம் நடந்த வாசிப்பு வட்டத்தில் ஒருவர் அதைப் போனிலிருந்து வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. முதல் வரியில் "கழியில்" என்று முடித்து ஒரு மூச்சு விட்டார். பிறகு "காய்கின்றன" என்று தனியாகச் சொல்லி, இன்னொரு மூச்சு. "அந்தச் சொல்லத் தனி வரியில நிறுத்தினதுதான் கவிதையே" என்று பாராட்டவும் செய்தார். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "நான் நாலு வரிதானே எழுதினேன். நீ ஏன் அஞ்சு ஆக்கின?"

நான் ஆக்கவில்லை. அவள் எழுதியது இது:

பத்தாவது மாடி மூங்கில் கழியில் காய்கின்றன
வீட்டிலுள்ள எல்லார் சட்டையும்
அப்பாவுடையது மட்டும்
இல்லை

மடிக்கணினியில் நான் பக்கத்தை அமைத்தபோது இப்படித்தான் இருந்தது. போனில் முதல் வரி கொள்ளாமல் "காய்கின்றன" கீழே விழுந்துவிட்டது. விழுந்த சொல் இடது ஓரத்தில், மற்ற வரிகளுக்குச் சமமாக, கவிஞரே எழுதி வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கடைசி வரியில் "இல்லை" தனியாக நிற்பதற்காகத்தான் அவள் மற்ற வரிகளை நீட்டி எழுதியிருந்தாள். அதற்கு முன்பே ஒரு சொல் தனியாக நின்றுவிட்டால் அந்தக் கடைசி வரிக்கு என்ன வேலை?

அன்று இரவே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பல ஆண்ட்ராய்டு போன்கள் இணையப் பக்கத்திடம் தங்கள் அகலம் 360 பிக்சல் என்றுதான் சொல்லும். இரண்டு பக்கமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் மிச்சம் 328. எழுத்தின் அளவு 18 பிக்சல் என்றால், ஒரு வரியில் தமிழ் எழுத்து ஏறக்குறைய இருபதுதான் நிற்கிறது, சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தையும் சேர்த்து. ஆங்கிலம் அதே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொள்ளும். நம்முடைய "கா" ஆங்கில எழுத்துகள் இரண்டின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. "ணை", "னோ" எல்லாம் இன்னும் தாராளம். தோழியின் முதல் வரியில் 21 எழுத்து, நாலு இடைவெளி. ஆக 25. விழாமல் என்ன செய்யும்?

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எழுத்தை 14 பிக்சலுக்குச் சுருக்கினேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு மகிழ்ச்சி, மறுநாள் எம்ஆர்டியில் நின்றுகொண்டு படித்துப் பார்க்கும் வரை. ஆங்கிலத்துக்கு 14 போதும், ஏனென்றால் ஓர் எழுத்துக்கும் இன்னோர் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய கோடுகளில் இருக்கிறது. தமிழில் வித்தியாசம் பல இடங்களில் ஒரு சின்னச் சுழியில்தான் இருக்கிறது. "ரி"யையும் "ரீ"யையும் பிரிப்பது மேலே ஒரு வளையம். "ன"வையும் "ண"வையும் பிரிப்பது கூடுதலாக ஒரு சுழி. அளவு குறையும்போது முதலில் அடைபடுவது இந்தச் சுழிகள்தான். தெரிந்த சொல்லை மூளை ஊகித்துப் படித்துவிடும், அதனால் நாளிதழ்ச் செய்தி என்றால் சமாளிக்கலாம். கவிதையில் அடுத்த சொல் என்னவென்று ஊகிக்க முடியாது, முடியவும் கூடாது. மறுபடி 18க்கே வந்தேன். அதிலிருந்து இறங்குவதில்லை என்று முடிவு.

அடுத்து எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். இங்கேதான் நான் அதுவரை கவனிக்காத ஒன்று தெரிந்தது. எங்கள் பக்கம் தமிழ் எழுத்துரு எதையுமே கேட்கவில்லை. வாங்கிய வடிவமைப்பில் ஓர் ஆங்கில எழுத்துருவின் பெயர் மட்டும் இருந்தது. அதில் தமிழ் இல்லாததால் ஒவ்வொரு போனும் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொண்டது. என் ஆண்ட்ராய்டில் Noto. தோழியின் ஐபோனில் Tamil Sangam MN. (அந்த MN நம்ம ஊர்க்காரர்தான், முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன்.) இரண்டும் நல்ல எழுத்துருக்களே. ஆனால் இரண்டுக்கும் அகலம் ஒன்றல்ல. ஒரு போனில் நிற்கும் வரி இன்னொன்றில் உடையும். உடைந்தது என்று கவிஞருக்கும் தெரியாது, பதிப்பாசிரியருக்கும் தெரியாது. ஆகவே எழுத்துருவை நாமே பக்கத்தோடு அனுப்பிவிடுவது நல்லது. Noto Sans Tamil, Mukta Malar, Catamaran மூன்றையும் அதே கவிதையில் போட்டுப் பார்த்தேன். Catamaran தலைப்புக்கு அழகு. அதன் மெல்லிய கோடுகள் வெயிலில், வெளிச்சம் குறைத்த திரையில், காணாமல் போகின்றன. கடைசியில் Noto Sans Tamil, சாதாரண எடை. அலங்காரம் ஒன்றும் இல்லை, அதுதான் வேண்டும்.

கூடவே இரண்டு சின்ன அசிங்கங்களையும் சரி செய்தேன். வாங்கிய வடிவமைப்பு கவிதை என்றாலே சாய்வெழுத்தில் போட்டது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்தது கிடையாது. உலாவி நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். எடுத்துவிட்டேன். இன்னொன்று வரி உயரம். தலைப்புப் பெட்டியில் `line-height: 1` என்று இருந்தது, பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கவும் சொல்லியிருந்தது. ஆங்கிலத்தில் அது கட்டாக, அழகாக இருந்திருக்கும். தமிழில் ழகரத்தின் வால் வெட்டுப்பட்டு மகரம்போலத் தெரிந்தது. "தமிழ்" என்ற தலைப்பு "தமிம்" என்று எத்தனை நாள் நின்றதோ, யாரும் சொல்லவில்லை. தலைப்புக்கு 1.4, உள்ளே 1.7 என்று வைத்தேன். அதற்குக் குறைந்தால் மேல் வரியின் "ழு" கீழ் வரியின் புள்ளியை உரசுகிறது.

இவ்வளவு செய்தும் "காய்கின்றன" விழுந்துகொண்டேதான் இருந்தது. எழுத்து அளவையும் குறைக்க மாட்டேன், போனையும் அகலமாக்க முடியாது. வரியை உடைக்காமல் வைத்து, வாசகர் பக்கவாட்டில் தள்ளிப் படிக்கட்டும் என்றும் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். ஒரு கவிதையைத் துடைப்பதுபோல் விரலை இப்படியும் அப்படியும் ஓட்டுவது சகிக்கவில்லை. படமாகப் போடலாம் என்று இன்னொரு நண்பர் சொன்னார். படத்தைத் தேடவும் முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவர்களுக்குத் திரை வாசிப்பான் படித்துச் சொல்லவும் சொல்லாது.

விடை அச்சுக்காரர்களிடம் பழையதாகவே இருந்தது. கவிதைப் புத்தகத்தில் நீண்ட வரி பக்கத்துக்குள் கொள்ளாதபோது மீதியை மடக்கி, உள்ளே தள்ளிப் போடுவார்கள். மடங்கியது இடப்பற்றாக்குறையால், கவிஞரால் அல்ல என்று பார்த்ததும் தெரிந்துவிடும். திரையிலும் அதையே செய்யலாம்:

```css
.vari {
  display: block;
  padding-left: 2em;
  text-indent: -2em;
}
```

முழு வரியையும் இரண்டு எழுத்து அகலம் உள்ளே தள்ளி, முதல் வரியை மட்டும் அதே அளவு வெளியே இழுக்கிறது. மடங்கினால் மட்டும் தள்ளல் தெரியும். மடங்காத வரியில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. வேர்டிலிருந்து ஒட்டிய கவிதையில் வரிகளுக்கு நடுவே `<br>` மட்டும் இருந்தது, முழுக் கவிதையும் ஒரே பத்தி. அப்படி இருந்தால் வெளியே இழுப்பது பத்தியின் முதல் வரிக்கு மட்டும் நடக்கும். மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கும். கவிதையின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக `<span class="vari">` என்று கட்ட வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் அதைச் செய்யும்போது, எது கவிஞரின் வரி என்று ஒரு முறையாவது நான் பார்த்துவிடுகிறேன்.

இப்போது என் போனில்:

பத்தாவது மாடி மூங்கில் கழியில்
  காய்கின்றன
வீட்டிலுள்ள எல்லார் சட்டையும்
அப்பாவுடையது மட்டும்
இல்லை

உரைநடையில் இந்தச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல். "சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரு சொல். 19 எழுத்து, போனில் அதுவே ஒரு வரி. அது கீழே இறங்கும்போது மேல் வரியில் பாதி காலி. இரண்டு ஓரத்தையும் சமமாக்கியிருந்தால் மேலே இருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு லாரி போகும். அதனால் சமமாக்காமல் இடது ஓரத்தோடு விட்டேன். சிலர் `word-break: break-all` போட்டு, எந்த எழுத்திலும் உடைக்கலாம் என்று உலாவிக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அப்போது "போயிருக்கிறா" மேலேயும் "ர்" கீழேயும் வரும். உலாவிக்கு "ர்" ஒரு முழு எழுத்து. ஒற்றெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்று அதற்கு யார் சொல்வது? மிக நீண்ட சொற்களில் மட்டும் நானே `<wbr>` வைக்கிறேன், "சொல்லிக்கொண்டிருந்த" என்பதற்குப் பிறகு. இடம் இருந்தால் சொல் முழுதாக நிற்கும், இல்லாவிட்டால் அங்கே மட்டும் பிரியும், கோடு எதுவும் வராது. அதற்குப் பதில் ஒரு வெற்றிடத்தைத் தட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். "வந்துவிட்டான்" வேறு, "வந்து விட்டான்" வேறு.

"அப்ப இனிமே எல்லாரும் இருபது எழுத்துக்குள்ள வரிய முடிக்கணுமா?" என்று தோழி கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனாலும் இப்போது வரும் கவிதைகளில் வரிகள் குறுகிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, அவற்றில் எத்தனை போனில் எழுதப்பட்டவை என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கணினியில் போன் அளவுச் சன்னலைத் திறந்து பார்ப்பதை நான் நம்புவதில்லை. எழுத்துரு சரியாக இறங்காவிட்டால் அது கணினியின் எழுத்துருவைக் காட்டிவிடும். அம்மாவின் பழைய போனை வாங்கிப் பார்த்தேன். அம்மா எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அங்கே முதல் வரி "மூங்கில்" என்பதிலேயே மடங்கியது, இரண்டாம் வரியிலும் "சட்டையும்" உள்ளே போனது. மொத்தம் ஆறு வரி. அவரையே வாசிக்கச் சொன்னேன். "ஏன் இதெல்லாம் உள்ள தள்ளிப் போட்டிருக்கு?" என்றார். அடுத்த நொடியே, "ஓ, எடம் பத்தலையா" என்று சொல்லி, "மூங்கில் கழியில் காய்கின்றன" என்று நிறுத்தாமல் வாசித்தார். "இல்லை"க்கு முன்னால் மட்டும் நிறுத்தினார்.

பிறகு கவிதையை அப்படியே நகலெடுத்துத் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே என் தள்ளல் எதுவும் போகாது. பெரியம்மாவின் போனில் "காய்கின்றன" மறுபடி இடது ஓரத்தில் தனியாக நின்றது.